பொருக்கு உதிரும் நாள்: பாலிப் அகற்றியபின் வரும் இரண்டு வாரங்கள்

பெருங்குடலின் உட்சுவரிலிருந்து முளைத்தெழும் சதை வளர்ச்சிக்குப் பாலிப் என்று பெயர். அவற்றுள் சில வகைகள் பல ஆண்டுகளில் மெல்ல மெல்லப் புற்றாக மாறக்கூடியவை என்பதால், ஆசனவாய் வழியே செலுத்தப்படும் வளைந்து கொடுக்கும் ஒளிக்குழாயான கொலோனோஸ்கோப்பால் குடலைப் பார்வையிடும்போதே அவற்றைக் கண்டறிந்து அகற்றிவிடுவது இன்றைய வழக்கம். 1969ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் உல்ஃபும் ஒளிக்குழாய்க்குள் ஒரு கம்பிச் சுருக்கை நுழைத்துப் பாலிப்பை அறுத்தெடுத்துக் காட்டும் வரை, குடலின் உட்பகுதியில் இருந்த பாலிப்பை எடுக்க வயிற்றைக் கிழிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இப்போது காலையில் வந்தவர் மாலையில் வீடு திரும்பிவிடுகிறார். வயிற்றில் தையல் இல்லை, கட்டு இல்லை, பெரும்பாலும் வலியும் இல்லை.

வலி இல்லாமைக்குக் காரணம் குடலின் இயல்பிலேயே இருக்கிறது. குடலின் உட்சவ்வு இழுக்கப்படுவதையும் உப்புவதையும் உணருமே தவிர, வெட்டுப்படுவதைத் தோலைப்போல் உணர்வதில்லை. ஆகவே கையில் ஏற்பட்டிருந்தால் இரண்டு வாரங்களுக்குப் பேணப்பட்டிருக்கக்கூடிய அளவுள்ள ஒரு காயத்தைக் குடலில் வைத்துக்கொண்டே, அப்படி ஒன்று இருப்பதையே மறந்து ஒருவர் ஊர் சுற்றவும் மூட்டை தூக்கவும் முடிகிறது. அந்தக் காயம் எவ்வாறு ஆறுகிறது, எந்த நாளில் அது இரத்தம் கசியக்கூடும், எதை விலக்கினால் போதும் என்பனவற்றை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

இரு வகைக் காயங்கள்

பாலிப்பை அறுக்கும் கருவி, விரித்தால் வளையமாகவும் இழுத்தால் முடிச்சாகவும் மாறும் மெல்லிய கம்பி. மருத்துவர்கள் இதை ஸ்னேர் என்று அழைக்கின்றனர். சிறிய பாலிப்புகளை, குறிப்பாக 10 மில்லிமீட்டருக்குக் குறைவானவற்றை, இக்கம்பியை இறுக்கி அப்படியே துண்டித்துவிடலாம். மின்சாரம் பாய்ச்சாத இம்முறை குளிர்முறை எனப்படும். பெரிய பாலிப்புகளிலும் தடித்த காம்புடைய பாலிப்புகளிலும் கம்பியின் வழியே உயர் அதிர்வெண் மின்சாரத்தைச் செலுத்தி, திசுவைச் சுட்டுக்கொண்டே அறுக்கும் முறை நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகிறது, இது வெப்பமுறை.

இவ்விரண்டும் விட்டுச்செல்லும் காயங்கள் வேறுபட்டவை. குளிர்முறையில் வெட்டிய உடனேயே சிறிது இரத்தம் கசிவதை மருத்துவர் திரையில் காண்கிறார். அறுபட்ட மிகச் சிறிய நாளங்கள் சுருங்கி, இரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் கசிவு நின்றுவிடுகிறது. காயம் சளிச்சவ்விலும் அதன் கீழுள்ள தளர்ந்த அடுக்கின் மேற்பகுதியிலும் மட்டும் நிற்பதால், அன்று நின்ற கசிவு பின்னொரு நாளில் மீண்டும் தொடங்குவது அரிது. வெப்பமுறையிலோ அறுக்கும்போதே நாளங்கள் சுடப்பட்டு மூடிக்கொள்வதால் அப்போதைக்கு இரத்தமே தெரியாது; ஆனால் அந்த வெப்பம் வெட்டிய தளத்தோடு நில்லாமல், சற்றுப் பெரிய தமனிகள் ஓடும் கீழ் அடுக்கு வரை இறங்கி அங்குள்ள திசுவையும் நாளச் சுவரையும் சிதைக்கிறது. அன்று சுத்தமாகக் காட்சியளித்த காயம் ஒரு வாரம் கழித்து இரத்தம் கக்குவதற்கு இதுவே காரணம்.

2023ஆம் ஆண்டில் வெளியான தைவான் ஆய்வு இந்த வேறுபாட்டை எண்ணிக்கையில் காட்டியது. 4 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான பாலிப்புகளைக் கொண்ட 4,000க்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கி ஒப்பிட்டபோது, குளிர்முறையில் 1,000 பேருக்கு ஏறத்தாழ 4 பேரும், வெப்பமுறையில் 1,000 பேருக்கு ஏறத்தாழ 15 பேரும் பின்னாளில் இரத்தப்போக்குக்கு உள்ளாயினர். எனவே பாலிப் அகற்றப்பட்டவர் வீடு திரும்புமுன் கேட்டறிய வேண்டிய முதல் செய்தி, தம் குடலில் இருப்பது குளிர்முறைக் காயமா, வெப்பமுறைக் காயமா என்பதே. பின்வரும் கட்டுப்பாடுகளின் இறுக்கம் பெரிதும் இந்த விடையைப் பொறுத்தது.

ஏன் ஏழாம் நாள்?

சுட்ட காயத்தின் மேல் இறந்த திசுவும் உறைந்த இரத்தமும் சேர்ந்து ஒரு மூடியாகப் படிகின்றன. தோலில் உண்டாகும் இத்தகைய மூடியைப் பொருக்கு என்கிறோம். குடலுக்குள் ஈரத்தில் ஊறியிருந்தாலும் இதன் வேலையும் அதுவே. பொருக்கின் கீழே புதிய திசு விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வளர்ந்து வருகிறது. அது வளர வளர, இறந்த பகுதி பிரிந்து உதிர்கிறது. கீழே இருந்த தமனி அதற்குள் முழுதும் அடைபட்டிருந்தால் உதிர்ந்தது தெரியாமலே காயம் ஆறிவிடும். சிதைந்த சுவருடைய ஒரு தமனி இன்னும் அடைபடாமல் இருந்தாலோ, பொருக்கு விலகும் கணத்தில் அதன் வாய் திறந்துகொள்ளும்.

இவ்வுதிர்தல் பெரும்பாலும் 5ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையே நிகழ்கிறது. தாமத இரத்தப்போக்கு எனப்படும் இந்நிகழ்வு சில மணி நேரத்திலும் தோன்றலாம், அரிதாக மூன்று நான்கு வாரங்கள் கழித்தும் தோன்றலாம். ஆயினும் பெரும்பான்மை முதல் 14 நாட்களுக்குள் அடங்கிவிடுவதால்தான் மருத்துவமனைகள் இரண்டு வாரங்களை எல்லையாகக் கொள்கின்றன. முதல் மூன்று நாட்கள் கவனமாக இருந்துவிட்டு, ஒன்றும் நேராததால் ஆபத்து கடந்துவிட்டது என்று எண்ணி நான்காம் நாளிலிருந்து கட்டுப்பாடுகளைக் கைவிடுவதே நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படும் பிழை. காயத்தின் கணக்கில் நான்காம் நாள் முடிவன்று. மெய்யான ஆபத்துக் காலம் அதன்பின்தான் தொடங்குகிறது.

எல்லாருக்கும் ஆபத்து ஒன்றாக இருப்பதில்லை. மூன்று காரணிகள் அதைக் கூட்டுகின்றன. முதலாவது பாலிப்பின் அளவு: 20 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள தட்டையான பாலிப்புகளை வெப்பமுறையில் எடுத்தால் 100 பேரில் ஏறத்தாழ 7 பேருக்குத் தாமத இரத்தப்போக்கு நேர்கிறது. இரண்டாவது இடம்: வயிற்றின் வலப்புறத்தில் உள்ள பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் சுவர் மெல்லியது, அங்குள்ள காயங்கள் மற்றப் பகுதிகளைவிட அதிகமாக இரத்தம் கசிகின்றன. மூன்றாவது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள்.

இடமும் அளவும் சேர்ந்து வரும்போது காயத்தின் இரு விளிம்புகளையும் சிறிய உலோகக் கிளிப்புகளால் சேர்த்துக் கவ்வி மூடும் முறை உண்டு. வட அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வொன்றில், வலப்புறக் குடலிலிருந்த பெரிய பாலிப் காயங்களை இவ்வாறு மூடியபோது தாமத இரத்தப்போக்கு 9.6 விழுக்காட்டிலிருந்து 3.3 விழுக்காடாகக் குறைந்தது. இடப்புறக் குடலில் அத்தகைய பயன் தெரியவில்லை. இக்கிளிப்புகளை யாரும் எடுக்கத் தேவையில்லை. சில வாரங்களில் தாமே கழன்று மலத்தோடு வெளியேறிவிடும். ஆனால் அதற்குள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், குடலில் கிளிப் இருப்பதை அங்குள்ளோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காந்தப்புலத்தில் பாதுகாப்பு எல்லா வகைக் கிளிப்புகளுக்கும் ஒன்றன்று.

எது இயல்பு, எது எச்சரிக்கை

பாலிப் அகற்றிய முதல் ஓரிரு நாட்களில் மலத்தின் மேல் ஒரு கீற்றாகவோ, துடைக்கும்போது சில துளிகளாகவோ இரத்தம் தெரிவது இயல்பு. கவலைக்குரியது அளவும், மீண்டும் மீண்டும் வருவதுமாகும். ஒரே தடவையில் ஓரிரு மேசைக்கரண்டிக்கு மேல் இரத்தம் போவது, கட்டிகட்டியாகப் போவது, மலமே இல்லாமல் இரத்தம் மட்டும் போவது, அரை மணிக்கு ஒருமுறை உந்துதல் வந்து ஒவ்வொரு முறையும் இரத்தமே வெளிப்படுவது ஆகியவை எந்த நாளில் நிகழ்ந்தாலும், பகலோ நள்ளிரவோ, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டிய அடையாளங்கள். குடலுக்குள் தேங்கும் இரத்தம் பேதி மருந்துபோல் குடலைத் தூண்டுவதால், அடிக்கடி வரும் உந்துதல் உள்ளே கசிவு தொடர்கிறது என்பதற்கான குறியாகவும் அமையும்.

நிறம் காயத்தின் இடத்தைச் சொல்கிறது. ஆசனவாய்க்கு அருகிலுள்ள காயத்திலிருந்து வரும் இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும்; வலப்புறக் குடலிலிருந்து நெடுவழி கடந்து வருவது கருஞ்சிவப்பாகும்; மெதுவாகக் கசிந்து நீண்ட நேரம் குடலில் தங்கினால் தாரைப்போல் கறுத்து, ஒட்டும் தன்மையும் தனித்த துர்நாற்றமும் கொண்டிருக்கும். சிவப்பாக இல்லை என்பதால் இரத்தமில்லை என்று முடிவு செய்வது தவறு. மறுபுறம், பீட்ரூட் மலத்தைச் சிவப்பாக்கும். இரும்புச்சத்து மாத்திரை அதைக் கறுப்பாக்கும். இந்த இரண்டு வாரங்களில் பீட்ரூட்டைத் தவிர்த்துவிட்டால் வீண் கலக்கத்துக்கும், அதைவிட மோசமாக, உண்மை இரத்தத்தைப் பீட்ரூட் என்று தள்ளிவிடுவதற்கும் இடமில்லாமல் போகும்.

வெளியே வந்த இரத்தம் குறைவாகத் தோன்றினாலும் உள்ளே இழந்தது அதிகமாக இருக்கலாம். அதை உடலே சொல்லிவிடுகிறது. எழுந்து நிற்கும்போது தலைசுற்றுவது, கண் இருள்வது, குளிர்ந்த வியர்வை, படபடப்பு, ஓய்வில் இருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 100க்கு மேல் துடிப்பது ஆகியவை இரத்த இழப்பின் குறிகள். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளை உண்பவருக்கு மட்டும் இரத்தம் இழந்தாலும் நாடி உயராமல் இருக்கக்கூடும் என்பதால், அவர் தலைசுற்றலையே முதன்மைக் குறியாகக் கொள்ள வேண்டும்.

இரத்தமே வராமல் வேறொரு எச்சரிக்கையும் வரக்கூடும். சூடு குடல் சுவரின் முழுத் தடிமனையும் எட்டிவிட்டால், ஒன்று முதல் ஐந்து நாட்களுக்குள் ஓரிடத்தில் வயிற்று வலியும் காய்ச்சலும் தோன்றும். குடல் துளைபடாமலே நேரும் இந்த அழற்சி பெரும்பாலும் நரம்பு வழித் திரவம், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, குடலுக்கு ஓய்வு ஆகியவற்றால் அடங்கிவிடும். சுவர் உண்மையிலேயே துளைபட்டிருந்தால் வலி நேரம் ஆக ஆகக் கூடி, வயிறு பலகைபோல் விறைத்து, சிலருக்குத் தோள்பட்டையிலும் வலிக்கும். இவ்விரண்டையும் வீட்டிலிருந்தபடி பிரித்தறிய இயலாது, மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தே அறிய முடியும். எனவே காற்று வெளியேறினால் தணியும் மந்த வலியைப் பொறுத்திருக்கலாம். காற்று போன பின்னும் தணியாத வலியையோ காய்ச்சலோடு வரும் வலியையோ மாத்திரை போட்டு மறைக்கலாகாது.

ஒரு நேர்வு, நாள் நாளாக

மேற்கூறியவை ஒரே உடலில் எப்படிக் கூடிவரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். திருநெல்வேலியில் வாழும் 61 வயது ஆண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்ட அவர், இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகிய இரண்டையும் உண்டு வருகிறார். இதய மருத்துவரைக் கலந்து, சோதனைக்கு 7 நாட்களுக்கு முன் குளோபிடோக்ரெல் நிறுத்தப்பட்டது, ஆஸ்பிரின் தொடர்ந்தது. வலப்புறக் குடலிலிருந்த 25 மில்லிமீட்டர் தட்டைப் பாலிப்பின் அடியில் திரவம் செலுத்தி மேலே உயர்த்தி, வெப்பமுறையில் துண்டு துண்டாக எடுத்தனர். காயம் அகலமாக இருந்ததால் அதன் ஒரு பகுதியை மட்டுமே கிளிப்புகளால் மூட முடிந்தது.

முதல் நாள் வயிறு சற்று உப்பியிருந்தது; மறுநாள் மலத்தில் ஒரு சிவப்புக் கீற்று தெரிந்தது. இரண்டாம் நாள் மருத்துவர் சொன்னபடி குளோபிடோக்ரெல் மீண்டும் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் என்ற வழக்கமான அளவில் இம்மருந்து தன் முழு வலிமையை எட்ட ஏறத்தாழ ஒரு வாரம் வரை ஆகும். இரண்டாம் நாள் தொடங்கியது, பொருக்கு உதிரும் நாட்களில்தான் முழு வீச்சை அடைகிறது. தமனியை மூடியிருந்த மூடி விலகும் அதே வேளையில், அதை அடைக்க வர வேண்டிய தட்டணுக்கள் செயலிழந்திருக்கின்றன. இத்தகைய மருந்து உண்பவர்களுக்கு இரண்டாம் வாரமும் முதல் வாரத்துக்கு இணையான கவனத்தைக் கோருவது இதனால்தான்.

எட்டாம் நாள் மாலை அவருக்கு உந்துதல் வந்தபோது, கருஞ்சிவப்பில் அரை டம்ளர் அளவு இரத்தம் கட்டிகளோடு போயிற்று. முக்கால் மணி நேரத்தில் இரண்டாம் முறை. அதன்பின் எழுந்தபோது தலை சுற்றியது. நாடி 112. அவர் செய்ய வேண்டியது இவ்வளவே: படுத்துக்கொள்வது, உணவை நிறுத்துவது, தாமே வண்டி ஓட்டாமல் 108 ஆம்புலன்ஸை அழைப்பது, பாலிப் அகற்றிய அறிக்கையைக் கையோடு எடுத்துச் செல்வது. அந்த அறிக்கையில் பாலிப் இருந்த இடம், அளவு, முறை, கிளிப்புகளின் எண்ணிக்கை ஆகியவை இருப்பதால், இரவுப் பணியிலிருக்கும், அவரை முன்பின் பார்த்திராத மருத்துவரும் இரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார்.

அவர் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. இரத்தத்தைக் கண்ட அச்சத்தில் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் தாமாகவே நிறுத்தி நாட்கணக்கில் விட்டுவிடக் கூடாது; ஸ்டென்டில் இரத்தம் உறைந்து அடைத்தால் அது குடல் இரத்தப்போக்கைவிடக் கொடிய விளைவைத் தரும். எந்த மருந்தை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

மருத்துவமனையில் எடுத்த முதல் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.9 என்று வந்தது. முன்பு அவருக்கு 12.8 இருந்தது. இந்தச் சிறு வீழ்ச்சி ஆறுதல் தரக்கூடாது. இரத்தம் இழக்கப்படும்போது அணுக்களும் நீர்ப்பகுதியும் ஒன்றாகவே போவதால் மீதமுள்ள இரத்தத்தின் அடர்த்தி உடனே மாறுவதில்லை. உடல் திசுக்களிலிருந்து நீர் இரத்தத்துக்குள் ஊர்ந்து வந்து இழப்பை ஈடுகட்டிய பின்னரே எண் இறங்குகிறது. மறுநாள் காலையில் அவருடைய அளவு 9.4. ஆகவேதான் முதல் எண்ணைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பாமல், சில மணிக்கு ஒருமுறை மீண்டும் அளந்து பார்க்கின்றனர்.

தாமத இரத்தப்போக்குகளில் பெரும்பாலானவை ஓய்விலும் கண்காணிப்பிலும் தாமே நின்றுவிடுகின்றன. இவருக்கு மறுநாள் காலையிலும் புதிய இரத்தம் வந்துகொண்டிருந்ததால், குடலைக் கழுவும் திரவம் கொடுத்துச் சுத்தப்படுத்திய பின் மீண்டும் கொலோனோஸ்கோப்பி செய்யப்பட்டது. மூடப்படாமல் விட்டிருந்த பகுதியில் ஒரு சிறு தமனியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கிளிப்புகள் அதைக் கவ்வியதும் கசிவு நின்றது. எட்டாம் நாள் மாலை நிகழ்ந்தது, நகர மருத்துவமனையிலிருந்து அரைமணி தொலைவில் நிகழ்ந்ததால் எளிதாக முடிந்தது. அதே வேளையில் அவர் சென்னைக்குச் செல்லும் இரவு ரயிலில் படுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற வினாவே பயணக் கட்டுப்பாட்டின் அடிப்படை.

பயணம்: தொலைவும் காற்றழுத்தமும்

பயணத்துக்கு விதிக்கப்படும் தடைகளில் இருவேறு காலக்கணக்குகள் கலந்து கிடப்பதால் நோயாளிகள் குழம்புகின்றனர். முதல் கணக்கு 24 மணி நேரத்துக்கானது. சோதனையின்போது தரப்படும் உறக்க மருந்துகள் விழித்த பின்னும் கவனத்தையும் நினைவையும் மந்தமாக்கி வைப்பதால், அன்று முழுவதும் வண்டி ஓட்டலாகாது. கையெழுத்திட வேண்டிய ஆவணங்களையும் மறுநாளைக்குத் தள்ளிவைக்க வேண்டும். விமானத்துக்கும் முதல் தடை இதே கால அளவுக்குத்தான். விமானம் உயரத்தில் பறக்கும்போது அதன் உள்ளறை அழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி உயர மலையில் உள்ள அளவு வரை குறையும். அப்போது குடலுக்குள் எஞ்சியிருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு வரை விரிவடைந்து, புதிதாக வெட்டப்பட்ட சுவரை இழுக்கும். பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் கொலோனோஸ்கோப்பிக்குப் பின் 24 மணி நேரம் பறக்க வேண்டாம் என்று அறிவுறுத்துவது இக்காரணத்தால்தான். குடலை விரிக்கச் சாதாரணக் காற்றுக்குப் பதில் கரியமில வாயுவைப் பயன்படுத்தியிருந்தால், அது குடல் சுவரால் விரைவில் உறிஞ்சப்பட்டு மூச்சில் வெளியேறிவிடும்.

இரண்டாவது கணக்கு இரண்டு வாரங்களுக்கானது. இதற்கும் காற்றழுத்தத்துக்கும் தொடர்பில்லை. பயணம் பொருக்கை உதிர்ப்பதில்லை. உதிரும் நேரத்தில் உதவி கிடைக்காத இடத்தில் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குச் செல்லும் இரவு ரயிலில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவழியில் இறங்கி, நள்ளிரவில் கொலோனோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனையைத் தேடுவது எளிதன்று. மலைக்கோயில் நடைப்பயணம், தொலைதூரப் பேருந்து, கடல்கடந்த விமானம் ஆகிய எல்லாவற்றுக்கும் கேள்வி ஒன்றே: இரத்தம் போகத் தொடங்கினால் ஓரிரு மணி நேரத்துக்குள் இரத்தம் ஏற்றவும் ஒளிக்குழாய் செலுத்தவும் வசதியுள்ள இடத்தை அடைய முடியுமா? முடியும் என்றால் இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தைக்கூட அனுமதிக்கலாம். முடியாது என்றால் பெரிய பாலிப் அகற்றப்பட்டவர் 14 நாட்களுக்கு அதைத் தள்ளிப்போட வேண்டும். குளிர்முறையில் இரண்டு சிறு பாலிப்புகள் மட்டும் எடுக்கப்பட்டவருக்கு, இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உண்ணாத நிலையில், பல மருத்துவர்கள் முதல் நாளுக்குப் பின் பெரிய தடை விதிப்பதில்லை.

வளைகுடா நாடுகளிலிருந்து ஒரு மாத விடுப்பில் ஊர் வந்து, எல்லாப் பரிசோதனைகளையும் முடித்துக்கொண்டு திரும்புவோர் தமிழகத்தில் பலர். அவர்கள் கொலோனோஸ்கோப்பியை விடுப்பின் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. சோதனைக்குமுன் பாலிப் இருக்கிறதா என்பதே தெரியாது. இருந்து, அது பெரியதாகவும் இருந்துவிட்டால், திரும்பும் பயணச்சீட்டின் நாள் பொருக்கு உதிரும் நாளோடு மோதிவிடும். விடுப்பின் முதல் வாரத்தில் செய்துகொண்டால், திசு ஆய்வின் முடிவும் கைக்கு வந்துவிடும், காயமும் ஆறிவிடும்.

எடை தூக்குதல்: அழுத்தத்தின் கதை

கனமான பொருளைத் தூக்கும்போது மனிதர் தம்மையறியாமல் மூச்சை அடக்கி, குரல்வளையை மூடி, வயிற்றுத் தசைகளை இறுக்குகின்றனர். அந்த நொடியில் மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் அழுத்தம் ஏறுகிறது. அதோடு தமனிகளின் இரத்த அழுத்தமும் ஏறுகிறது. 1985இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடற்பயிற்சி வீரர்களின் கைத் தமனிக்குள்ளேயே மெல்லிய குழாயை நுழைத்து அளந்தபோது, கால்களால் பெரும் எடையைத் தள்ளும் கணத்தில் சராசரி அழுத்தம் 320க்கு 250 வரை உயர்ந்ததைக் கண்டனர். வீட்டில் தூக்கும் எடை அவ்வளவு உயர்த்தாது. ஆயினும் மெல்லிய உறைகட்டியால் மட்டும் அடைபட்டிருக்கும் ஒரு தமனிக்குத் திடீரென ஏறும் அழுத்தம் உகந்ததன்று என்பதே கட்டுப்பாட்டின் தருக்கம்.

எத்தனை கிலோ வரை தூக்கலாம் என்பது இத்தருக்கத்திலிருந்து கொண்ட எச்சரிக்கை எல்லையே தவிர, பாலிப் காயங்களை வைத்து அளந்து கண்ட எண்ணன்று. ஆகவே அது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுகிறது. 5 கிலோவுக்கு மேல் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை வேண்டாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. வீட்டுக் கணக்கில் இதன் பொருள் தெளிவானது. 20 லிட்டர் குடிநீர்க் கேன் 20 கிலோவுக்கு மேல். நிரம்பிய சமையல் எரிவாயு உருளை, உள்ளிருக்கும் 14.2 கிலோ வாயுவோடு சேர்ந்து 30 கிலோவை நெருங்கும். 25 கிலோ அரிசி மூட்டையைச் சொல்லவே வேண்டாம். இவற்றை இந்த நாட்களில் வேறொருவர் எடுத்துவைக்க வேண்டும். நடப்பதற்கோ, படி ஏறுவதற்கோ, இலகுவான வீட்டு வேலைக்கோ தடையில்லை. எடை தூக்கியே பிழைக்கும் சுமைத் தொழிலாளிக்கும் கட்டட வேலை செய்பவருக்கும் இரண்டு வாரங்கள் என்பது கூலி இழப்பு. அவர்கள் தம் தொழிலை மருத்துவரிடம் முன்பே சொன்னால், காயத்தின் வகையை வைத்து அந்தக் காலத்தைத் தேவையான அளவுக்கு மட்டும் வகுத்துத் தர முடியும்.

இதே அழுத்தம் கழிப்பறையில் முக்கும்போதும் உருவாகிறது. எடையை விலக்கிவிட்டு மலச்சிக்கலை வளரவிட்டால் பயனில்லை. போதிய நீர், குழைந்த உணவு, தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மலமிளக்கி ஆகியவை முக்கலைத் தவிர்க்கும். மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கி உண்ணும் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை தட்டணுக்களின் வேலையைக் குறைப்பவை என்பதால், இந்த இரண்டு வாரங்களில் அவற்றுக்குப் பதில் பாராசிட்டமாலைக் கொள்வது நலம்.

இவ்வளவையும் ஒருவர் நினைவில் சுமக்கத் தேவையில்லை. பாலிப் அகற்றிய நாளைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்து, அதிலிருந்து ஐந்தாம் நாளையும் பதினான்காம் நாளையும் வட்டமிட்டு, மருத்துவ அறிக்கையை அதன் கீழே தொங்கவிட்டால், வீட்டிலுள்ள எவரும் அவற்றைப் பார்த்தறிந்து உதவ முடியும். முதல் வட்டம் வரும்போது கவனம் கூட வேண்டும். இரண்டாம் வட்டத்தைக் கடந்தபின் தண்ணீர்க் கேனையும் பயணப் பையையும் மீண்டும் கையிலெடுக்கலாம்.